பவுடர் பூசிய ப்ரொப்பல்லர்

சவரிநாதன் அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க ஜானட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு நங்கூரம் டியூப்லைட்டுக்குக் கீழே பச்சை பூத்துக் கிடந்தது. இன்னொன்று மொட்டை வெயிலில் பாதி வெளுத்து, பாதி கறுத்திருந்தது. லைஃப் ஜாக்கெட்டை யாரோ மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்; தலை மட்டும் படத்தில் இல்லை. வெண்கல ப்ரொப்பல்லரின் பளபளப்பில் படம் எடுத்தவரின் செருப்பு தெரிந்தது.

"எழிலு, இத்த வச்சிகினு கேட்லாக் போடணுமாம்" என்றாள்.

எழில்மொழி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். வியாசர்பாடியிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரத்துக்கு வருபவள். ஜானட் வீட்டு மாடி அறைதான் இருவருக்கும் அலுவலகம். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் திருவிழா பேனர் என்று செய்துகொண்டிருந்தவர்களுக்கு இதுதான் முதல் புத்தக வேலை. காசிமேட்டில் விசைப்படகுச் சாமான் விற்கிற சவரிநாதன், தன் கடைச் சரக்கு முழுவதையும் ஓவியங்களாக வரைந்து கேட்லாக் போட ஆசைப்பட்டார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது படகுகள் கரையேறும். அப்போதுதான் எல்லோரும் பழுது பார்ப்பார்கள், புதுச் சாமான் வாங்குவார்கள். அதற்குள் புத்தகம் கைக்கு வர வேண்டும்.

"பேசாம எல்லாத்தையும் நாமளே மறுபடி படம் எட்த்துட்டா?"

"பாதி சரக்கு இன்னும் வந்தே சேரலயாம். கம்பெனிக்காரன் அனுப்ன படம்தான் கீது."

முதலில் ஒரு செயலியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். போட்டோ போட்டால் ஓவியமாக மாற்றித் தரும். அழகாகத்தான் தந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு திசையில் வெளிச்சம் அடித்தது, ஒரே வெண்கலம் ஒரு படத்தில் தங்கமாகவும் மறு படத்தில் செம்பாகவும் மாறியது. மூன்று இலை ப்ரொப்பல்லர் நான்கு இலையோடு திரும்பி வந்ததும் இருவரும் அதை மூடிவிட்டார்கள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒருவர் சாமானுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார். இல்லாத இலையை வரைந்து காட்ட முடியாது.

எழில்மொழி அன்றே விதிகளைப் போட்டாள். வெளிச்சம் எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வர வேண்டும், நிழல் வலப்பக்கம் கீழே விழ வேண்டும். எந்தப் பொருளுக்கும் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று அடுக்கு மட்டும்; அதற்கு மேல் ஒரு மினுக்கு. நிறத்தைப் போட்டோவிலிருந்து எடுக்கவே கூடாது. வெண்கலத்துக்கு ஒரு நிறக்கட்டு, துத்தநாகம் பூசிய இரும்புக்கு ஒன்று, எவர்சில்வருக்கு ஒன்று, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கு ஒன்று. அச்சகத்தில் மாதிரித் தாளில் அடித்துப் பார்த்து அந்த நிறங்களை முடிவு செய்தார்கள். திரையில் தீயாக எரிந்த லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சு, தாளில் சோர்ந்துபோய் வந்தது. அச்சு மையில் எட்டக்கூடிய ஆரஞ்சாக அதை மாற்றிய பிறகே வேலை தொடங்கியது.

கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள்கள் போல, ஒவ்வொரு படத்திலும் கோடு ஒரு லேயர், நிறம் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், மினுக்கு ஒரு லேயர். போட்டோவின் மேல் கோட்டை இழுத்து, போட்டோவிலேயே நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வரைந்தார்கள். வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த போட்டோக்கள்தான் தொல்லை கொடுத்தன. அதற்கும் ஜானட் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இன்னாத்துக்கு மண்டைய ஒடச்சிக்கணும்? போட்டோவ அப்டியே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டா வெளிச்சம் இடப்பக்கம் வந்துடுது பாரு!"

எழில்மொழி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "சூப்பருடி!"

அதன் பிறகு வேலை பறந்தது. கப்பி, கொக்கி, மிதவை, பம்பு எல்லாம் ஒரே மேசையில், ஒரே ஜன்னலோரம் வைத்து வரைந்ததுபோல் வரிசையாக உட்கார்ந்தன. மாதிரிப் பக்கங்களைக் காசிமேட்டுக்குக் கொண்டுபோனபோது சவரிநாதன் கடையின் நடுவில் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டி, "என் கடையா இது!" என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய நாள் காலையில் ஜானட் ப்ரொப்பல்லர் பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு ப்ரொப்பல்லர்கள். ஒன்று வலது சுற்று, மற்றது இடது சுற்று. இரண்டு எஞ்சின் வைத்த படகுக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிந்ததால், அளவு பார்க்க ஒன்றை மங்கலாக்கி மற்றதன் மேல் நகர்த்தினாள்.

இலையின் மேல் இலை கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் கை மவுஸிலிருந்து விலகியது. வலது சுற்றும் இடது சுற்றும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். அவை எப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்?

"எழிலு... நான் ரைட் ஹேண்டத் திருப்பிட்டேன். ரெண்டும் லெஃப்ட் ஹேண்டா கீது."

எழில்மொழி எழுந்து வந்து பார்த்தாள். இருவரும் திருப்பிப் போட்ட மற்ற படங்களைத் திறந்தார்கள். மிதவைக்கும் நங்கூரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்படித் திருப்பினாலும் அவை அப்படியேதான் இருக்கும். ஆனால் போல்ட்டின் மரை எதிர்ப்பக்கம் ஏறியிருந்தது. கைப்பம்பின் பிடி பக்கம் மாறியிருந்தது. படகின் முன்னால் மாட்டுகிற இரட்டை விளக்கில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.

"இத்தப் பாத்து ஒர்த்தன் ப்ரொப்பல்லர் வாங்கி மாட்டினான்னா படகு பின்னாலதான் போவும்" என்றாள் ஜானட்.

"கோடு தனி லேயர்தான? திருப்பிப் போட்டுடலாம். நிறமும் கூடவே திரும்பிடும். போறது நிழலும் மினுக்கும் மட்டும்தான்." எழில்மொழியின் குரல் வேகமெடுத்தது. "ஆனா அத்த எத்தப் பாத்து வரையறது? இப்டி வளைஞ்ச இலையில இடப்பக்கத்து வெளிச்சம் எப்டி விழும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

ஜானட் ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "பொருளயே கேப்போம். அந்த டேபிள் லேம்ப எடு."

காசிமேட்டுக் கடையில் சவரிநாதன் விஷயத்தைக் கேட்டு, மாதிரிப் பக்கத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட இன்னாமா இது! நானும்தான பாத்துக் கையெழுத்துப் போட்டேன்? பொறந்ததுலேந்து ப்ரொப்பல்லரோட குடித்தனம் பண்றேன், எனக்கே தெரியலயே! அழகாகீதுன்னு பாத்துகினே இருந்துட்டேன்." பிறகு அவரே கவலைப்பட்டார். "இன்னிக்கு அச்சுக்குப் போவணுமே, இன்னா பண்ணுவீங்க?"

"ரைட் ஹேண்டு ஒண்ணு கீதா அண்ணே? ஒரு போல்ட்டு, ஒரு பம்பு, அந்த வெளக்கு?"

"எல்லாம் கீது. எட்த்துக்கோ."

ஷட்டரைப் பாதி இறக்கி வெயிலை மறைத்தார்கள். கல்லா மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, ப்ரொப்பல்லரைப் படத்தில் இருந்த அதே கோணத்தில் நிறுத்தி, விளக்கை இடப்பக்கம் மேலே பிடித்தாள் எழில்மொழி. பயன் இல்லை. பாலிஷ் போட்ட வெண்கலத்தில் நிழலே தெரியவில்லை. ஷட்டர் இடுக்கு, சவரிநாதனின் சட்டை, விளக்கு எல்லாம் கோணல்மாணலாகத் தெரிந்தன. உலோகம் தன்னைக் காட்டாமல் கடையைக் காட்டியது.

ஜானட் தன் பையைத் துழாவினாள். முகப் பவுடர் டப்பா கையில் வந்தது. கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, ப்ரொப்பல்லர் இலையில் மெதுவாகத் தடவினாள். தடவிய இடத்தில் பளபளப்பு செத்தது. வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே மடங்குகிறது, எங்கே இருளில் இறங்குகிறது என்று இலை பளிச்சென்று தெரிந்தது.

"எழிலு! பாரு, பாரு!"

"போடு, முழுசாப் போடு!"

விளக்கைச் சவரிநாதன் கையில் கொடுத்துவிட்டு இருவரும் சேர்ந்து பூசினார்கள். பவுடர் வாசனை கிரீஸ் வாசனையை அமுக்கியது. அந்த நேரம் பார்த்து, படகு ஓட்டுகிற கிருஷ்ணப்பன் ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே வந்தார். மேசையில் வெள்ளை வெளேரென்று நின்ற ப்ரொப்பல்லரையும், கை முழுக்கப் பவுடரோடு நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"இன்னா சவரி, ப்ரொப்பல்லர இன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்களா?"

சவரிநாதன் சிரித்த சிரிப்பில் விளக்கு ஆடியது. "ஆட்டாதீங்கண்ணே!" என்று எழில்மொழி கத்தினாள்; அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கிருஷ்ணப்பன் வந்த வேலையை மறந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

பவுடரோடு ஒரு படம் எடுத்தார்கள். அது நிழலுக்கு. பிறகு பவுடரைத் துடைத்துவிட்டு, விளக்கையும் கேமராவையும் துளிகூட அசைக்காமல் இன்னொரு படம். அது மினுக்கு எங்கே உட்காரும் என்று பார்க்க. போல்ட்டுக்கும் பம்புக்கும் அதே போல. படகு விளக்கின் கண்ணாடிக்குப் பவுடர் வேண்டாம் என்று விட்டார்கள். அதன் உறைக்கு மட்டும் பூசினார்கள்.

"வெளக்குல செவப்பு எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டாள் ஜானட். இந்த முறை எதையும் நம்புவதாக இல்லை.

"படகுல நின்னு முன்னால பாத்தா இடப்பக்கம்" என்றார் சவரிநாதன்.

"எதிர்ல வர்றவனுக்கு வலப்பக்கம்" என்றார் கிருஷ்ணப்பன், துணியை விடாமல்.

"படம் எதிர்லேந்துதான் கீது. அப்ப வலப்பக்கம்." ஜானட் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் அச்சகத்துக்குப் போன் செய்து சாயங்காலம் வரை நேரம் வாங்கினார்கள். கோடுகளும் நிறங்களும் திரும்பித் தத்தம் பக்கம் வந்தன. பழைய நிழல் லேயர்களை ஜானட் அழித்தாள். எழில்மொழி பவுடர்ப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள். இடப்பக்க மேல் இலை வெளிச்சத்தை வாங்கியது. வலப்பக்க இலை நடுவரை மட்டும் வாங்கி, மடிப்பைத் தாண்டியதும் இருண்டது. கீழ் இலையில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஓரமாக ஒரு மெல்லிய வெளிச்சம். வெள்ளைத் துணியிலிருந்து திரும்பி அடித்த வெளிச்சம் அது.

"இத்த எந்தக் காலத்துலயும் யோசிச்சுப் போட்டிருக்க மாட்டேன்டி" என்றாள் எழில்மொழி.

அந்த ஓர வெளிச்சத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. திருப்பாமல் வரைந்த படங்களுக்கும் அதையே வைத்தார்கள். கப்பியின் அடிவயிற்றில் ஒரு கீற்று, கொக்கியின் உள்வளைவில் ஒரு கீற்று. பக்கங்கள் தட்டையாக இருந்தது இப்போதுதான் தெரிந்தது. கடைசியாக இரண்டு ப்ரொப்பல்லர்களையும் ஜானட் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினாள். இலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தன. அவள் கைதட்டினாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அச்சகத்தில், பெரிய தாள் இயந்திரத்திலிருந்து வெளியே வந்து விழுந்தபோது மூன்று பேருமே அங்கே நின்றார்கள். ஒரே தாளில் பல பக்கங்கள், சில தலைகீழாக. சவரிநாதன் ஈரம் காயாத தாளைத் தொடப் போனார். எழில்மொழி கையைப் பிடித்து நிறுத்தினாள். நங்கூரம், விளக்கு, போல்ட், ப்ரொப்பல்லர்கள். ஒரு பக்கத்து வெண்கல நிறம்தான் மறு பக்கத்திலும். எந்தப் பக்கத்தை நேராகப் பார்த்தாலும் நிழல் வலப்பக்கம் கீழே.

சவரிநாதன் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குனிந்து பார்த்தார். வலது சுற்றுக்கு மேலே, தாளில் படாமல், விரலைக் காற்றில் சுற்றினார். பிறகு இடது சுற்றுக்கு எதிர்ப்பக்கம் சுற்றினார்.

"ரெண்டும் ஓடுது" என்றார்.

"எஞ்சின் பார்ட்ஸ் ஒரு ரூம் நெறைய கீது" என்று உடனே தொடர்ந்தார். "அத்தயும் இதே மாதிரி போட்டுடலாமா?"

ஜானட் எழில்மொழியைப் பார்த்தாள். எழில்மொழி ஏற்கனவே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"போடலாம் அண்ணே. பெரிய டப்பா பவுடரா வாங்கி வைங்க."