பேர் போட்ட பதிவு

எங்கள் ஊர் நிலக்காரர் தாண்டவராயன் என் மனைவி சிட்டம்மாளுக்கு நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் நடவுக்கூலி தர வேண்டியிருந்தது. உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் நடந்த விவசாயத் தொழிலாளர் மாநாட்டில், ஆள் பேரைச் சொல்லாமல் அதை அவள் மைக்கில் சொன்னாள்.

சங்கத்தின் முகநூல் பக்கத்தில் உடனுக்குடன் பதிவு போடுவது சுகிர்தாவின் வேலை. பேசுகிறவர் சொன்னதில் ஒரு வரி, பேர், ஊர், அமர்வு, நேரம், ஒரு படம். சிட்டம்மாள் மேடையை விட்டு இறங்கியதும், பதிவைப் போடுமுன் சுகிர்தா போனை எங்களிடம் நீட்டினாள். முதியோர் வகுப்பில் படித்த எழுத்தை வைத்து நான் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

"பகல் 12.10. இரண்டாம் அமர்வு. 'அறுப்பே முடிஞ்சிபோச்சி, நட்ட கூலி இன்னும் வர்ல.' சிட்டம்மாள், காவாந்தண்டலம்."

"யக்கா, பேரு போடலாமா? வேணான்னா பெண் தொழிலாளின்னு போட்டுட்றேன்."

"நான் இன்னா திருடியா? போடு பாப்பா," என்றாள் சிட்டம்மாள்.

பந்தியில் சாம்பார் ஊற்றும்போது சிட்டம்மாளின் போன் அடித்தது. தாண்டவராயன்தான். பதிவில் அவர் பேர் இல்லை; அவள் பேர் இருந்ததே ஊருக்குப் போதும். சுகிர்தா பதறிப்போய்ப் பதிவை நீக்கினாள். அதற்குள் அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தாண்டவராயன் நின்றிருந்தார். ரூபாயை அவள் கையில் வைத்தார்.

"பாக்கி தீந்துச்சிம்மா. இனிமே நம்ம கழனிக்கு வராத. பங்காளிங்க கிட்டயும் சொல்லிட்டுக்கீறேன்."

ஊரில் பாதிக் கழனி அந்தப் பங்காளிகளுடையது. அவர் போனபின் சிட்டம்மாள் நோட்டுகளை என்னிடம் கொடுத்தாள்.

"சரியா கீதான்னு பாரு."

சரியாகத்தான் இருந்தது.