சீட்டில் கேட்டது மட்டும்

பதினாறு வருடமாக இதய ஸ்கேன் எடுக்கிறேன். எங்கள் அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: டாக்டர் சீட்டில் எதைக் கேட்டாரோ, அதை மட்டும் அளந்து அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்டால், வெளியே அறுபது பேர் நிற்கிறார்கள் என்பார்கள். நாசமாய்ப் போன சட்டம்.

அன்று வந்தவள் தையல்காரி, நாற்பது வயது. மூன்று மாதமாகக் காய்ச்சல். சளியில் கிருமி ஒன்றும் தெரியாதபோதும் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு யாரோ நெஞ்சில் சத்தம் கேட்டு, வால்வு சுருங்கியிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் பலூன் விட்டு வால்வை விரிப்பதாக ஏற்பாடு. என்னிடம் வந்த சீட்டில், வால்வின் அழுத்தம் மட்டும் போதுமாம்.

"எழுந்து உக்காந்தா தலை சுத்துதுக்கா. படுத்தா சரியாயிடுது," என்றாள்.

சுருங்கிய வால்வு என்றால் படுக்கும்போதுதான் மூச்சு முட்டும்; இவளுக்கு உள்ளே ஏதோ இடம் மாறுகிறது. சீட்டை ஓரமாக வைத்துவிட்டு முழுதாகப் பார்த்தேன். வால்வின் இதழ்கள் மெல்லிசாக நன்றாகத்தான் இருந்தன. இடது மேலறையின் நடுச்சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வுக்குள் இறங்கி வழியை அடைத்தது. பலூன் கம்பி அந்தச் சுவரைத்தான் துளைத்துக்கொண்டு போகும். கட்டி உடைந்தால் துண்டு மூளைக்குப் போகும்.

பெரிய டாக்டரைக் கையோடு அழைத்துவந்து காட்டினேன். பலூனை ரத்து செய்தார், தியேட்டரில் இடமில்லை, ஆபரேஷன் திங்கட்கிழமை என்றார். அன்று வெள்ளி. எந்த நிமிஷமும் உடையும் சார் என்று கத்தினேன். இத்தனை நாள் இருந்தது இன்னும் ரெண்டு நாள் இருக்காதா என்றார்.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவள் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. வலது கை போய்விட்டது. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, அன்றைக்கே ஓடி ஓடி ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை கிடைக்காத இடம் இப்போது எங்கிருந்து வந்ததோ!

அவள் உள்ளே இருக்கும்போது பழைய பதிவுகளைத் தோண்டினேன். முன்னால் கோட்டை விட்டது எவன் என்று கண்டுபிடித்துக் கிழிக்க வேண்டும் என்ற ஆத்திரம். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் அறையிலேயே ஒரு ஸ்கேன். இதயம் பம்ப் செய்யும் திறன் மட்டும் என்று சீட்டு. இரண்டே படம். இரண்டாவதன் ஓரத்தில் கட்டி ஆடிக்கொண்டிருந்தது. கீழே என் கையெழுத்து.

கட்டியை எடுத்த ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கை வரவில்லை. அவள் கணவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடாதீர்கள் அண்ணே என்று, இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பவே தெரிஞ்சுதாக்கா?"

"படத்துல இருந்துச்சும்மா. சீட்டுல கேக்கல, அதான் நான் பாக்கல."

"உங்க கண்ணு முன்னாடிதானேக்கா இருந்துச்சு?" என்றாள்.