மிளகளவு முகம்

ஏற்காட்டில் உள்ள என் ஸ்டுடியோவுக்கு நாகலூரைச் சேர்ந்த இளவரசி என்ற பெண் பழைய எஸ்டேட் குரூப் போட்டோவைக் கொண்டுவந்தபோது, "அதே சைஸ்ல ஒரு காப்பி போதுங்க" என்றார். நானும் ஸ்கேனரின் துல்லியத்தை முன்னூறு டிபிஐ மட்டும் வைத்து, தூசி நீக்கும் வசதியைப் போட்டு ஸ்கேன் செய்து கொடுத்தேன்.

அவர் அம்மா இறந்தபோது அசல் படத்தை உடலோடு புதைத்துவிட்டார்கள்.

இன்று வந்து, அதில் நிற்கும், சிறுவயதில் இறந்த தன் தங்கையின் முகத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னார். மிளகளவு முகம். பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள்.

"கன்னத்துல மச்சம் இருக்குமே, எங்கீங்க?"

தூசி என்று மெஷின் அழித்திருந்தது. அன்றே ஆயிரத்து இருநூறு டிபிஐ வைத்து, அந்த வசதியை அணைத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடச் சோம்பல். மடையன் நான்.

"வரஞ்சு தர்றேனுங்க. எந்தக் கன்னம்?"

அவர் இடக் கன்னத்தைத் தொட்டார். பிறகு வலக் கன்னத்தை. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.