தாம்பாளத்தில் ஏறிய சாவி

புரட்டாசி முதிர்ந்திருந்தது. வெயிலின் சினம் ஆறியிருந்தாலும் குளிரின் அருள் இன்னும் இறங்கவில்லை. வானம் கருமேகங்களைத் தென்கிழக்கில் அடுக்கி வைத்து, பொழியவோ போகவோ சொல்லாமல் காத்திருந்தது. திருவரங்குளத்துச் செம்மண் ஒரு மழையை உண்டுவிட்டு, மறுமழைக்கு வாய் திறந்து கிடந்தது. கோயில் குளத்தில் அல்லி மட்டும் விழித்திருக்க, ஊர் முழுவதும் ஒரு பெருங்கை தன்னைத் தொட்டு அமர்த்தியதுபோல் அடங்கியிருந்தது. உழுகருவியும் உளியும் தராசும் எழுதுகோலும் ஓய்வு கொள்ளும் நாள் அது.

பம்புசெட் கடை வைத்திருக்கும் ரகுநாத்துக்கு அவ்வாண்டு ஆயுத பூசை பிறந்தநாளினும் பெரிது. அவர் வாழ்வின் முதல் கார் வாசலில் நின்றது. விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை நீராட்டினார். சக்கரத்தின் உட்புறச் சேற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். கால்மிதியை உதறி வெயிலில் காய வைத்தார். முகப்பில் திருநீறு மூன்று கீற்று, கதவுகளில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பின்பக்கத்துத் தடுப்பில் சிறு வட்டங்கள் நான்கு தெரிந்தன. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் விட்ட இடம்போல் இருந்தன. அவற்றிலும் குழைத்த சந்தனத்தை அப்பினார். பின்புறக் கேமராவுக்குத் திலகம் தனியே.

இருபுறமும் வாழைக்கன்று, முன்னே சாமந்தி மாலை. பொரி, கடலை, அவல், வெல்லம், வாழைப்பழம், சுண்டல் என்று இலையில் படைத்துத் தேங்காய் உடைத்தார். சூடம் காட்டியபின் பூசணிக்காயைச் சுற்றித் தெருமுனையில் உடைத்து, வழிப்போக்கர் வழுக்காதபடி துண்டுகளை ஓரம் தள்ளினார். நான்கு சக்கரத்தடியிலும் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கி வண்டியை ஒரு முழம் முன்னும், அப்படியே நேராகக் காம்பவுண்டுக்குள்ளும் செலுத்தினார். அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது.

பிழை அதன்பின் நேர்ந்தது. வீட்டினுள் சரஸ்வதி படத்தின் முன் அவர் மனைவி சுகுணா பெரிய தாம்பாளத்தில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், கடைக் கணக்குப் பேரேடு, பதிகப் புத்தகம் ஆகியவற்றை அடுக்கியிருந்தாள். ரகுநாத் பக்தி மிகுதியால் ஜாக்கி, சக்கரம் கழற்றும் ஸ்பேனர், காரோடு வந்த கையேடு ஆகியவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். பின் சாவியை வைத்தார். மாற்றுச் சாவி தனித்துக் கிடந்தால் மனம் நோகுமே என்று அதையும் வைத்தார். பைக் சாவியும் கூடச் சேர்ந்தது. சுகுணா தீபாராதனை காட்டினாள். மணி ஓய்ந்தது. சூடம் அணைந்தது.

"மச்சான், பெட்டிய ஏத்தலாமா?" என்றபடி பிரசாந்த் வந்து நின்றான்.

சுகுணாவின் தம்பியான அவனுக்கு அன்றிரவு திருச்சியில் விமானம். மறுநாள் வளைகுடாவில் வேலைக்குத் திரும்பாவிட்டால் அவன் இடத்துக்கு வேறொருவன் காத்திருந்தான். "நம்ம கார்லயே கொண்டுபோய் விடுறேன்டா" என்று ஒரு மாதமாகச் சொல்லி வந்தவர் ரகுநாத்.

அவர் கை தாம்பாளத்தை நோக்கி நீண்டது.

"ஏங்க! தீவாரனை காட்டியாச்சுங்க. நாளைக்கு மறுபூசை ஆகிற வரைக்கும் ஒண்ணையும் தொடப்படாது" என்றாள் சுகுணா.

"ஒந்தம்பிதானடி போறான்?"

"எந்தம்பி வேலைக்குத்தானே போறான்? அந்த வேலைய யாரு குடுத்தா? அந்த ஆத்தாதானே! அவகிட்ட வச்சத அவளுக்குத் தெரியாம எடுக்கிறதா?"

பிரசாந்த் வாடகைக் கார் ஓட்டும் ராக்கனைக் கைபேசியில் அழைத்தான். "வண்டிக்கு மாலையப் போட்டு, சாவிய சாமிகிட்ட வச்சிட்டேன் தம்பி. நாளைக்கு வாரேன்" என்றார் ராக்கன். "நாளைக்கு நான் எதுக்குண்ணே திருச்சி போறேன்?" என்று கேட்டான் பிரசாந்த். "சும்மா சுத்திப் பாத்துட்டு வரலாம்ல?" என்று பதில் வந்தது. மினிபஸ்ஸும் மாலையோடு நின்றது. பெரிய பஸ்ஸோ படிக்கட்டிலும் மனிதர் தொங்க, நிறுத்தத்தைக் கண்டும் காணாமல் போயிற்று.

ரகுநாத்துக்கு ஒரு நம்பிக்கை எஞ்சியிருந்தது. அடுத்த வீட்டு ஆரோக்கியதாஸிடம் லோடு வேன் உண்டு. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் வேனுக்கு இந்த விரதம் எதுவும் இல்லை. ரகுநாத் ஓடினார். அங்கே வேன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, இரண்டு வாழைக்கன்றுகளுக்கு நடுவே மணமேடையில் இருப்பதுபோல் நின்றது.

"தாசு, நீயுமா?"

"ஷெட்டுப் பசங்க கும்பிட்டாங்கண்ணே. சாவியும் அங்கிட்டுத்தான், அவுங்க சாமி தட்டுல. நான் எடுத்தா அவுங்க மனசு சங்கடப்படும்." ஆரோக்கியதாஸ் தாடையைத் தடவினார். "ஆமா, ஒங்க கார்ல சாவியத் திருகணுமா? பட்டன அமுக்குனாப் போதும்ல?"

"போதும். சாவி வண்டிக்குள்ள இருக்கணும்."

"அப்பறம் என்னண்ணே? சாவியத் தொட வேணாம். தட்டோட, சாமியோட வண்டியில வையிங்க. எங்க மாதா தேர்ல கெளம்புனா யாரும் மறிக்கிறதில்ல. ஒங்க சாமி கெளம்புனா மட்டும் யாரு மறிக்கப்போறா?"

ரகுநாத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது சுகுணா தாம்பாளத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். கருவியைப் பயன்படுத்தினால் குற்றம். தேவி தன் வாகனத்தில் எழுந்தருளினால் அது உலா. உலாவில் உடன்வருவோர் பெட்டி வைத்திருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

"ஆத்தா உத்தரவு கேக்கணும்" என்றாள். படத்தின் மேல் ஒரு சாமந்திப் பூவை வைத்துக் கைகூப்பிக் கண்மூடினாள். பூ அசையவில்லை. பிரசாந்த் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து மின்விசிறியின் சுவிட்சைத் தட்டினான். பூ விழுந்தது.

"உத்தரவாயிருச்சு!" என்று சுகுணா கண் கலங்கினாள். ரகுநாத் விசிறியைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார், காற்றும் தேவியின் ஆணையால்தானே வீசுகிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

சுகுணா பின் இருக்கையில் அமர்ந்தாள். அவள் மடியில் தாம்பாளம். தாம்பாளத்தில் சரஸ்வதி, அரிவாள்மனை, ஜாக்கி, மூன்று சாவிகள். ரகுநாத் பட்டனை அமுக்க, சாவியில் எந்தக் கையும் படாமல் வண்டி உயிர்த்தது. பின்னோக்கி எடுத்ததும் அது கீச்கீச்சென்று அலறியது. சந்தனம் அப்பிய வட்டங்கள் நான்கும், பின்னால் தடை இருந்தால் எச்சரிக்கும் சென்சார்கள்; உலகமே தம்மேல் இடிக்க வருவதாக அவை கருதின. கேமராவின் திரையில் திலகம் மட்டும் தெரிந்தது.

"என்னங்க சத்தம்?"

"மேளம்னு வச்சுக்க."

பொட்டைத் துடைக்க ஒருவருக்கும் துணிவில்லை. ஆரோக்கியதாஸ் தெருவில் நின்று, "வரலாம், வரலாம், ஒடிங்கண்ணே!" என்று கைகாட்டித் தேவியை வெளியேற்றினார்.

புதுக்கோட்டையைத் தாண்டி அதுவரை கார் ஓட்டியறியாத ரகுநாத், திருச்சி சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உலா நடத்தினார். முந்திச் சென்ற லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓரிடத்தில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். உள்ளே குனிந்தவர் தாம்பாளத்தையும் அரிவாள்மனையையும் கண்டு தொப்பியைக் கழற்றினார்.

"எந்த ஊரு சாமிம்மா?"

"வீட்டுச் சாமிங்க. ஏர்போட்டு வரைக்கும் போகுது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு வாழைப்பழம் பெற்றுக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸை மறித்து வழிவிட்டார்.

விமான நிலைய வாசலை அடைந்தபோது உள்ளே நுழைய நேரம் இருந்தது, மிகுதியாக இல்லை. பெட்டிகள் இறங்கின. பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பின. பிரசாந்த் உள்ளே ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்த கதவின் முன் தார்ச்சாலையில் முழந்தாளிட்டான். தமக்கையின் மடியிலிருந்த தாம்பாளத்தின் விளிம்பில், எப்பொருளும் அசையாதபடி, நெற்றியை வைத்தான். "விசிறியப் போட்டது நாந்தான், ஆத்தா" என்று அவன் முணுமுணுத்தது முன்னிருக்கையில் இருந்த ரகுநாத்துக்குக் கேட்டது. ஒலியெழுப்பியவர்களும் அடங்கினார்கள்.

சுகுணா குங்குமம் எடுத்து அவன் நெற்றியில் இட்டாள்.

"போயிட்டு வாடா, எஞ்சாமி. ஒங்கையி பட்ட வேலையெல்லாம் வெளங்கணும். நீ ஏறுற வண்டியெல்லாம் ஒன்னியப் பத்திரமாச் சேக்கணும். எங்கிட்டு இருந்தாலும் நல்லா இரு."