தோள்மேல் இருந்த கை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம். செலஸ்தீனாள் கைக்குழந்தையாக இருந்தபோதே, கொழும்புக்குத் தோணியில் போன தகப்பன் திரும்பவில்லை. அவருடைய ஒரே படமும் ஆல்பத்தில் நனைந்து கெட்டிருந்தது. அதைச் சரிசெய்யக் கொடுத்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் பால்வண்ணம் கடிதம் எழுதினார்:

“காமிராவின் முன் மஞ்சள் கண்ணாடி வைத்து இதை மறுபடி படம்பிடித்தால் மஞ்சள் கறை மங்கிவிடும். கீறல்களைப் புதுப்படத்தில் தூரிகையால் மறைக்கலாம். ஆனால் அப்பாவின் முகம் உரிந்தே போய்விட்டது. நான் வரைந்தால் அது வேறு யாருடைய முகமாகவோ ஆகிவிடும். கறைக்கடியில், அவர் மடியில் கைக்குழந்தையாக இருக்கும் உங்கள் தோள்மேல் அவர் கை இருக்கிறது. அது தெளிவாக வரும்.”

அவள் நேரே கடைக்குப் போனாள்.

“முகத்த வரைய வேண்டாம் அண்ணாச்சி. அப்பா என்னத் தொட்டுக்கிட்டு இருந்தாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க சொன்னதே பெரிசு.”

படம் கைக்கு வந்த அன்று, அண்ணாச்சி வீட்டுக்கு நல்ல சீலாமீனாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினாள்.