மீன் பலகையில் அறுநூற்றுப் பன்னிரண்டு

எனக்கு வாய் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையின் சுத்தத்துக்கு நான் பொறுப்பு. பெயர் கலாஜினி, அங்கே எல்லோருக்கும் ‘மிஸ்’. கையில் டிவி ரிமோட் மாதிரி ஒரு மெஷினோடு திரிவேன். கழுவிக் காய்ந்த வெட்டுப் பலகையில் ஈரப் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து, அதன் குழாயிலுள்ள மருந்துக்குள் அமுக்கிக் குலுக்கி, மெஷினில் வைத்தால் பதினைந்து விநாடியில் ஓர் எண் வரும். உணவு, வியர்வை, கிருமி எல்லாவற்றிலும் ஏ.டி.பி. என்றொரு பொருள் உண்டு. அது மருந்தோடு சேர்ந்தால் ஒளி விடும். பலகையில் மிச்சம் கூடினால் ஒளியும் கூடும், எண்ணும் கூடும். எங்கள் மெஷினில் முப்பதுக்குக் கீழ் வந்தால் நல்லது. நூறைத் தாண்டினால் திரும்பக் கழுவ வேண்டும்.

மீன் வெட்டும் பலகையைக் கழுவுவது புஸ்பம் அக்கா. பனிச்சங்கேணியிலிருந்து ஹோட்டல் வான் வண்டியில் வருவா. ஆறு மாதத் தவணை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. முடிந்தால் வேலை நிரந்தரம். அந்தக் கிழமை பார்த்துத்தான் அவவின் பலகையில் அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

“என்ன புஸ்பம் அக்கா இது? கழுவினீங்களா, சும்மா தடவி விட்டீங்களா?”

“சத்தியமா உரஞ்சிக் கழுவினன் மிஸ். மறுகா மருந்துத் தண்ணியும் ஊத்திக் காயவெச்சன்.”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதா? வீட்டுல எப்பிடிக் கழுவுறீங்களோ எனக்குத் தெரியா. இது ஹோட்டல்!”

சமையல்காரர்கள் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவன் சிரித்தான். அவ தலையைக் குனிந்துகொண்டு பலகையைத் திரும்ப எடுத்துப் போனா.

அடுத்த நாள் ஐந்நூற்று நாற்பது. அதற்கடுத்த நாள் எழுநூறு. ‘சுத்தம் போதாது’ என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மனேஜர் அவவைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் எண் இருக்கிறது, நான் என்ன செய்ய? அப்படி நினைத்துத்தான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வேறொருவர் கழுவிய பலகையில் பதினெட்டு வந்தது. எனக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி தலைமைச் சமையல்காரர் யோகராசாவிடம் மெஷினை நீட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. பலகையை மோந்து பார்த்தார்.

“மீன் வெடுக்கு அடிக்குது மிஸ். புஸ்பம் எண்டா இந்தக் கிழமை எல்லாம் முடிஞ்ச பிறகு தேசிக்காய்ப் பாதியால ஒரு உரஞ்சு உரஞ்சிப்போட்டுத்தான் வெச்சது. நீங்கதானே போன கிழமை மூக்கப் பொத்திக்கொண்டு, இனி இந்த வெடுக்கு வரப்படாது எண்டு ஏசினீங்க?”

பலகையை நானே கழுவி, காயவைத்துச் சோதித்தேன். பதினொன்று. அரைத் தேசிக்காயால், எலுமிச்சைப் பாதியால், தேய்த்துக் காயவிட்டு, புதுக் குச்சியால் திரும்பவும் சோதித்தேன். ஐந்நூற்று எண்பத்துநான்கு.

மெஷின் பொய் சொல்லவேயில்லை. தேசிக்காய்ச் சாற்றிலும் சதையிலும் ஏ.டி.பி. இருக்கிறது. மிச்சம் இருக்கிறது என்றுதான் எண் சொல்லும். மீனா, கிருமியா, பழமா என்று சொல்லாது. பயிற்சியில் இதைத்தான் முதல் நாளே சொல்லித்தந்தார்கள். ‘கழுவின பிறகு என்ன செய்யிறீங்க அக்கா?’ என்று ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் அவவின் வீட்டை இழுத்துப் பேசினேன். சீ, நானும் ஒரு மனுசியா!

மனேஜரிடம் போனேன், உள்ளதைச் சொல்லத்தான் போனேன். ஆனால் இந்தப் பெரிய வாயில் வந்தது, “மெஷின்ல ஒரு பிழை, சேர்” என்பதுதான். அவர் புஸ்பம் அக்காவுக்கு அப்போதே போன் எடுத்து, திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். நான், முதலில் தேசிக்காய், பிறகுதான் கழுவல் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். ஏன் என்று எழுதவில்லை.

திங்கட்கிழமை புஸ்பம் அக்கா வந்தா. அன்றைக்குச் சிரித்தவன்தான் தொடங்கினான்: “என்னகா, துரத்தின மிஸ்ஸே திருப்பிக் கூப்பிட்டாவாம்?”

“சும்மா கிட. மெஷின் பிழையாக் காட்டினா மிஸ் என்ன செய்வா? எனக்காகப் போய்க் கதைச்சதும் அவதானே.” பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினா. “ரெண்டு நாளா வீட்டுச் சட்டிபானை எல்லாத்தையும் திரும்பத் திரும்பக் கழுவினன் மிஸ். நான்தான் ஊத்தையோ எண்டு நினைச்சுப்போட்டன். பிள்ளைகளுக்குச் சோறு போடவும் கை கூசிச்சு. மெஷின்லதானே மிஸ் பிழை?”

எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஓம் அக்கா,” என்றேன். “மெஷின்லதான்.”