மூணாவது கையெழுத்து

அப்பா கணக்குல நாமினி போடாமலே போய்ச் சேர்ந்துட்டார். அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு அந்தப் பணம்தான் இருக்கு. வாரிசு சான்றிதழை பேங்க் ஆபீசர்கிட்ட நீட்டினேன்.

"அம்மா, நீங்க, உங்க அண்ணன். மூணு பேரும் கையெழுத்து போடணும். இல்லன்னா அவர் தன் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கணும்."

"அண்ணன் வீட்டை விட்டுப் போய் பத்து வருஷமாச்சு சார். ஒரு தகவலும் இல்ல."

"போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா?"

"அப்பவே குடுத்தோம்."

அவர் குரலைத் தணிச்சார். "ஏழு வருஷத்துக்கு மேல தகவல் இல்லன்னா, இறந்துட்டதா கருதணும்னு கோர்ட்ல கேக்கலாம். அந்த உத்தரவு வந்தா நாங்க பாக்கலாம்."

பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கேட்டா. "தம்பி, எம்புள்ள செத்துட்டான்னு நான் போய்ச் சொல்லணுமா?"

"சட்டம் அப்படித்தாம்மா."

"உங்கம்மாவைக் கேட்டுப் பாரு, சொல்லுவாங்களான்னு."

நான் அம்மா கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்தேன். வாசப்படி தெரியாம அவ தடுமாறினா.

"அவன் வந்து கையெழுத்து போடுவான்டி," அம்மா சொன்னா. "கண்ணு கொஞ்ச நாள் பொறுத்துக்கும்."

டாக்டர் பொறுக்காதுன்னு சொன்னதை நான் எப்படிச் சொல்ல?